லேசர் பிரிண்டரில் ஸ்லீப்பும் ஓட்டோ பவர் ஓஃப்பும்: கரண்ட்டும் மிஞ்ச வேண்டும், காலையில் "Offline" என்றும் வரக்கூடாது

தர்ஷன் (வெள்ளவத்தை) – திங்கள், காலை 9.40

வணக்கம். எங்கள் அலுவலகம் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கணக்கு வேலை. ஐந்து பேர், ஐந்து கணினி, வைஃபையில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். வரிப் படிவம், வங்கிக் கடிதம், கணக்கறிக்கை என்று ஒரு நாளைக்கு எண்பது நூறு பக்கம் போகும்.

போன மாத பில்லைப் பார்த்துவிட்டு முதலாளி, சும்மா ஓடுகிற எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். நானும் பிரிண்டர் மெனுவுக்குள் போய் ஸ்லீப்பை 1 நிமிடத்துக்கும், ஓட்டோ பவர் ஓஃப்பை 2 மணித்தியாலத்துக்கும் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று தொல்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்து பிரிண்ட் கொடுத்தால் மெஷின் முழுதாக நின்றிருக்கிறது, யாராவது எழும்பிப் போய் பட்டனை அமத்த வேண்டும். காலையில் போட்டால் மூன்று கணினியில் பிரிண்ட் வருகிறது, இரண்டில் "Offline" என்று நிற்கிறது. நாள் முழுக்க முதல் பக்கம் வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பழையபடி விட்டால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும். எந்த அமைப்பை எப்படி வைத்தால் கரண்ட்டும் குறைந்து, நெட்வேர்க்கும் போகாமல் இருக்கும்?

கவிதா – திங்கள், காலை 10.15

தம்பி, எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். கணினி ஸ்லீப்புக்குப் போனால் மற்ற ஒருவராலும் பிரிண்ட் எடுக்க முடியாது. Windows-இல் Power & sleep போய் Sleep என்பதை Never ஆக்குங்கள். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

தர்ஷன் – திங்கள், காலை 10.22

நன்றி அக்கா. எங்கள் பிரிண்டர் எந்தக் கணினியிலும் வயரில் பூட்டவில்லை. நேரே ரவுட்டரோடு வைஃபையில் இருக்கிறது. உங்களுடையது ஒரு கணினிக்கு யூஎஸ்பியில் இருந்து, அதைத்தான் மற்றவர்கள் பகிர்ந்து பாவிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கவிதா – திங்கள், காலை 10.30

ஓம், எங்களுடையது யூஎஸ்பிதான். அப்படியென்றால் என் பதில் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அப்படி வைத்திருக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காக அதை விட்டுவைக்கிறேன்.

மகேந்திரன் – திங்கள், முற்பகல் 11.05

தம்பி தர்ஷன், நான் முப்பது வருடம் வயரிங் வேலை செய்தவன். லேசர் பிரிண்டருக்கு ஸ்லீப்பே வேண்டாம். அதற்குள் டோனர் தூளைக் கடதாசியில் உருக்கி ஒட்டுவதற்கு ஒரு சூடான உருளை இருக்கிறது. அது ஆறிவிட்டுத் திரும்பச் சூடாகும்போதுதான் கரண்ட்டை அள்ளி இழுக்கும். கவனித்துப் பாருங்கள், பிரிண்டர் விழிக்கும் நேரம் மேலே லைட் ஒருமுறை மங்கும். 1 நிமிடத்துக்கு ஒருதரம் தூங்கி எழும்பினால் பில் கூடும், குறையாது. காலையில் போடுங்கள், நாள் முழுக்க விடுங்கள், போகும்போது சுவர் சுவிட்சில் நிறுத்திவிட்டுப் போங்கள். அவ்வளவுதான்.

சேர்விஸ் ரவி (பாமன்கடை) – திங்கள், பிற்பகல் 1.20

மகேந்திரன் ஐயா சொன்னதில் லைட் மங்குவது உண்மை. பியூசர், அதாவது ஐயா சொன்ன அந்தச் சூடான உருளை, சூடாகும்போது நானூறு ஐந்நூறு வோட் இழுக்கும், சில மெஷின்களில் அதற்கும் மேல். அதனால்தான் லேசரை யூபிஎஸ்ஸில் பூட்ட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் பில்லில் ஏறுவதைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், அந்த இழுவை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்னிடம் பிளக்குக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் போடுகிற மீட்டர் ஒன்று இருக்கிறது. திருத்த வந்து நிற்கிற ஒரு சின்ன லேசரை போன கிழமை அதில் போட்டுப் பார்த்தேன். தயார் நிலையில் இருக்கும்போது திரையில் இலக்கம் ஒரு இடத்தில் நிற்காது. ஏழெட்டு வோட் காட்டும், திடீரென்று நானூறுக்குப் பாயும், ஒன்றிரண்டு செக்கனில் திரும்ப இறங்கும். பியூசரைச் சூடு ஆறாமல் வைத்திருக்க அது விட்டு விட்டு எரிகிறது. ஆகவே அந்த நேரத்து வோட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. யூனிட் எண்ணும் பக்கத்துக்கு மாற்றி ஒரு மணித்தியாலம் விட்டேன். 0.04 யூனிட். அதாவது சராசரி 40 வோட்.

ஆழ்ந்த தூக்கத்தில் ஒரு நாள் முழுக்க விட்டேன். 24 மணித்தியாலத்துக்கு 0.03 யூனிட். ஒரு வோட்டுக்குக் கொஞ்சம் மேல்.

தூக்கத்தில் இருந்து எழும்ப ஏறக்குறைய பத்துச் செக்கன், அந்த நேரம் சுமார் 450 வோட். பெருக்கிப் பாருங்கள், ஒருதரம் எழும்பும் செலவு இரண்டு நிமிடம் சும்மா விழித்திருக்கும் செலவுக்குச் சமன். ஆகவே அடுத்த பிரிண்ட் இரண்டு நிமிடத்துக்குள் வருமென்றால் தூங்காமல் இருப்பது லாபம். அதைவிடப் பிந்துமென்றால் தூங்குவது லாபம். ஐயாவின் பேச்சு அந்த இரண்டு நிமிடத்துக்குள் சரி. தர்ஷன் 1 நிமிடம் வைத்தது அந்தக் கோட்டுக்கும் கீழே போய்விட்டது.

மகேந்திரன் – திங்கள், பிற்பகல் 1.50

மீட்டர் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், அதற்கு மேல் நான் என்ன சொல்வது. ஆனால் பகல் முழுக்க விழித்திருந்தாலும் 40 வோட் என்பது ஒரு பழைய குண்டு பல்ப். அது பெரிய காசா?

சேர்விஸ் ரவி – திங்கள், பிற்பகல் 2.35

தர்ஷனின் அலுவலகத்தையே எடுப்போம். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், மாதம் 25 நாள். முழுக்க விழித்திருந்தால் மாதம் 9 யூனிட். பத்து நிமிடத்தில் தூங்கவிட்டு, பகலில் மொத்தம் மூன்று மணித்தியாலம் விழித்திருக்கிறது என்று வைத்தால் 3 யூனிட். இரவு, ஞாயிறு எல்லாம் சேர்த்து மிச்ச நேரமெல்லாம் தூங்குகிற செலவு முக்கால் யூனிட். எழும்புகிற செலவு நாளுக்கு இருபது தரம் என்றாலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக 9 யூனிட் இருந்த இடத்தில் நாலரையளவு.

இப்போது ஓட்டோ பவர் ஓஃப் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது பாருங்கள். அது நிறுத்துவது அந்த ஒரு வோட் தூக்கத்தை மட்டும்தான். இரவும் ஞாயிறும் முழுக்க நின்றாலும் மாதம் 0.6 யூனிட். யூனிட் விலை உங்கள் பில்லிலேயே இருக்கிறது, பெருக்கிப் பாருங்கள். மிச்சம் முழுக்க ஸ்லீப்பில் இருக்கிறது. தொல்லை முழுக்க ஓட்டோ ஓஃப்பில் இருக்கிறது. உங்கள் முதல் பிரச்சினை அதனால்தான், இரண்டாவதுக்கும் அதில் பங்கு இருக்கிறது. தூங்குகிற மெஷினை நெட்வேர்க்கில் வருகிற வேலை எழுப்பும். ஓஃப் ஆன மெஷினை விரலால்தான் எழுப்பலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா லேசரும் 40 வோட் இழுக்காது. புதிதாக வருகிற சிலவற்றில் உருளைக்குப் பதில் மெல்லிய படலம் ஒன்றைச் சூடாக்குகிறார்கள். அது செக்கன் கணக்கில் சூடாகிவிடும், தயார் நிலையில் ஆறிப்போய்த்தான் இருக்கும். அப்படிப்பட்டவை தயார் நிலையிலேயே பத்து வோட்டுக்குக் கீழே நிற்கும். அதில் ஸ்லீப் வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது, முதல் பக்கமும் அவ்வளவாகப் பிந்தாது. உங்களுடையது எந்த வகை என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் Ready, Sleep என்ற இரண்டு வரிக்கும் எதிரே உள்ள வோட்டைப் பாருங்கள்.

தர்ஷன் – திங்கள், பிற்பகல் 3.10

புத்தகம் கிடைத்தது. Ready 44, Sleep 1.3 என்று போட்டிருக்கிறது. ஆகவே பழைய வகை. ஓட்டோ ஓஃப்பை எடுத்துவிடுகிறேன். ஆனால் எங்கள் மெனுவில் Never என்று ஒன்றும் இல்லை, 1, 2, 4, 8 மணித்தியாலம் மட்டும்தான்.

சேர்விஸ் ரவி – திங்கள், பிற்பகல் 3.30

முன்பக்கத் திரையில் எல்லாம் காட்டாது. பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்து அதன் பக்கத்துக்குள் போங்கள். எச்பி சிறிய லேசர்களில் Energy Settings என்ற பக்கம் இருக்கும், அதில் "Delay when ports are active" என்று ஒரு தெரிவு. அதைப் போட்டால் நெட்வேர்க் உயிரோடு இருக்கும்வரை ஓஃப் ஆகாது. ரவுட்டர் நின்றால் மட்டும் எண்ணத் தொடங்கும். மணித்தியாலத் தெரிவை மாற்றத் தேவையில்லை. பிரதரில் General Setup, பிறகு Ecology. அதில் பல மாதிரிகளில் நெட்வேர்க் இணைப்பு இருந்தாலே Auto Power Off வேலை செய்யாது. எப்சனில் "Power Off If Inactive", "Power Off If Disconnected" என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் மாதிரிகள் உண்டு, அவற்றில் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை விடலாம்.

பஸ்லி (மருதானை) – திங்கள், மாலை 5.45

எனக்குப் போட்டோக்கொப்பி, டைப்செட்டிங் கடை. ரவி சொல்கிற கணக்கு அலுவலகத்துக்குச் சரி, எங்களுக்குச் சரிவராது. கடைக்கு முன்னால் ஆள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பஸ் வருகிறது என்று பார்க்கிறார். பத்துச் செக்கன் பிந்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். நான் காலை எட்டில் இருந்து மாலை ஆறு வரை ஸ்லீப்பை ஒரு மணித்தியாலத்துக்கு வைத்திருக்கிறேன். பகலில் அது தூங்குவதே இல்லை. நாலு யூனிட் கூடப் போனாலும் பரவாயில்லை. இதையும் கணக்கில் எடுங்கள்.

சேர்விஸ் ரவி – திங்கள், இரவு 8.10

பஸ்லி நானா சொல்வது முழுக்க நியாயம். உங்களிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வேலை வருகிறது. அந்த இடைவெளியில் தூங்கவிட்டால் கரண்ட்டும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டார்.

தர்ஷன், உங்கள் நேரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு பிரிண்ட்டும் எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கரண்ட்டை மட்டும் பார்த்தால் இரண்டு நிமிடம் போதும், ஆனால் ஆட்கள் காத்திருக்காமல் இருக்க, எந்த இடைவெளி அடிக்கடி வருகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலாக ஸ்லீப்பை வையுங்கள்.

தர்ஷன் – செவ்வாய், மாலை 5.20

எழுதினேன். காலை ஒன்பதரையில் இருந்து பதினொன்றரை வரை ஆறேழு நிமிடத்துக்கு ஒன்று. பிறகு ஓய்ந்துவிடுகிறது, மத்தியானத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று இடைவெளி. மூன்றரைக்கு வங்கி வேலைகளோடு திரும்ப ஒரு அடி. ஸ்லீப்பை 10 நிமிடத்துக்கு வைத்துவிட்டேன்.

கைப்பேசியில் நேரமும் பார்த்தேன். விழித்திருக்கும்போது கொடுத்ததில் இருந்து பக்கம் கையில் வர 9 செக்கன். தூக்கத்தில் இருந்து 19. முழுதாக ஓஃப் ஆகி நான் போய் அமத்தினால், வைஃபை பிடித்து முதல் பக்கம் வர ஒரு நிமிடமும் பத்துச் செக்கனும். முன்பு காலையில் ஒவ்வொருவருக்கும் 19. இப்போது காலையில் முதல் ஆளுக்கு மட்டும்தான் 19, பிறகு பதினொன்றரை வரை 9தான்.

மிச்சம் அந்த "Offline". இன்று காலையும் அதே இரண்டு கணினியில் வந்தது.

சேர்விஸ் ரவி – செவ்வாய், இரவு 7.45

இதற்குத் தூக்கத்தைக் குறை சொல்ல முதல் ஒன்று பார்க்க வேண்டும். பிரிண்டரில் இருந்து நெட்வேர்க் விவரப் பக்கத்தை அச்சடியுங்கள். அதில் ஐபி முகவரியும், அந்த மெஷினுக்கே உரிய மாக் முகவரியும் இருக்கும். பிறகு பிரிண்ட் வராத கணினியில் பிரிண்டரின் Printer properties, Ports போய், அங்கே எந்த ஐபி இருக்கிறது என்று பார்த்து, அந்த ஐபியைப் போட்டு இதை அடியுங்கள். நான் ஒரு உதாரணம் தருகிறேன்:

```
ping 192.168.1.7
arp -a
```

ping பதில் தந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். arp பட்டியலில் அந்த ஐபிக்கு எதிரே இருக்கிற மாக், அச்சடித்த பக்கத்தில் இருக்கிற மாக்தானா என்று பாருங்கள்.

தர்ஷன் – புதன், காலை 9.55

ரவி அண்ணா, கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு கணினியிலும் போர்ட் 192.168.1.7. ping அழகாகப் பதில் தருகிறது. ஆனால் மாக் வேறு. அது எங்கள் சக ஊழியர் ஒருவரின் கைப்பேசி! பிரிண்டர் இப்போது 192.168.1.12-இல் இருக்கிறது. மற்ற மூன்று கணினியும் பெயரைப் பார்த்துத் தேடிக்கொள்ளும் வகையில் பூட்டப்பட்டிருக்கின்றன, அதனால் அவை புது முகவரியைப் பிடித்துக்கொண்டன. இந்த இரண்டும் பழைய முகவரியிலேயே நின்று கைப்பேசிக்குப் பிரிண்ட் அனுப்பிக்கொண்டிருந்தன.

சேர்விஸ் ரவி – புதன், காலை 10.40

அதுதான். ரவுட்டர் முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. பிரிண்டர் விழித்திருந்தாலும் தூங்கினாலும் தவணை முடிய முதல் புதுப்பித்துக்கொள்ளும். முழுதாக ஓஃப் ஆனால் புதுப்பிக்க ஆளில்லை. சனி மத்தியானம் நின்று திங்கள் காலை எழும்பும்போது அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிடுகிறார். ஓட்டோ ஓஃப் நெட்வேர்க்கைக் கெடுக்கிற முக்கியமான வழி இது.

ரவுட்டர் பக்கத்துக்குள் போய் DHCP பகுதியில் Address Reservation அல்லது Static Lease என்பதைத் தேடுங்கள். பிரிண்டரின் மாக்குக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக எழுதிவிடுங்கள், 192.168.1.50 என்று வைப்போம். பிரிண்டர் மெனுவிலேயே நிரந்தர ஐபி போடலாம்தான். ஆனால் ரவுட்டர் மாற்றும் நாளில் அது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அதனால் நான் ரவுட்டரில்தான் வைப்பேன்.

பிறகு ஐந்து கணினியிலும் Add Port, Standard TCP/IP Port என்று அந்த முகவரிக்குப் போர்ட் போடுங்கள். பெயரைத் தேடிப் பிடிக்கிற மூன்றையும் விட வேண்டாம். அந்த வகைப் போர்ட் WSD என்று தொடங்கும். அது "யார் யார் இருக்கிறீர்கள்" என்று நெட்வேர்க் முழுக்கக் கூப்பிட்டுக் கேட்கிற முறை. ஆழ்ந்து தூங்குகிற பிரிண்டர் தன் பெயருக்கு வருகிற வேலைக்கு எழும்பும், பொதுவாகக் கூப்பிட்டால் சில மாதிரி எழும்பாது. எழும்பாவிட்டால் விண்டோஸ் Offline என்று எழுதிவிடும்.

கடைசியாக அதே Ports பக்கத்தில் Configure Port அமத்தினால் கீழே "SNMP Status Enabled" என்று ஒரு சரிக்குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் இடையிடையே பிரிண்டரின் நிலையை விசாரிக்கும், தூங்குகிற மெஷின் அந்த விசாரணைக்கு நேரத்துக்குப் பதில் தராவிட்டால் Offline என்று முடிவு கட்டிவிடும். வேலையை அனுப்பினால் எழும்பியிருக்கும், ஆனால் அனுப்பவே விடாது.

எல்லாம் செய்து முடித்து, பிரிண்டர் தூங்கி ஒரு மணித்தியாலம் போன பிறகு PowerShell-இல் இதை அடியுங்கள்:

```
Test-NetConnection 192.168.1.50 -Port 9100
```

TcpTestSucceeded : True என்று வந்தால் பிரிண்டர் தூக்கத்திலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மகேந்திரன் – புதன், முற்பகல் 11.30

சரி, ஓட்டோ ஓஃப் வேண்டாம் என்கிறீர்கள். ஒரு வோட் தானே என்கிறீர்கள். இடி மின்னல் காலத்தில் என்ன செய்வது? சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மூன்று நாலு மணிக்கு கொழும்பில் எப்படி இடிக்கும் என்று தெரியும்தானே. எனக்குத் தெரிந்து எத்தனை வீட்டில் ரவுட்டரும் பிரிண்டரும் ஒரே இடியில் போயிருக்கிறது. ஆளில்லாத அலுவலகத்தில் இரவு முழுக்க பிளக்கில் விடச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

சேர்விஸ் ரவி – புதன், பிற்பகல் 12.15

இதில் ஐயாவோடு நான் முழுக்கச் சேர்கிறேன். இடி மின்னல் வரும் மாதங்களில் போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது, சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. இப்போது அப்படிக் கழற்றுவதால் நெட்வேர்க்குக்கு ஒன்றும் ஆகாது. முகவரியை ரவுட்டரில் ஒதுக்கி வைத்துவிட்டதால் எத்தனை நாள் நின்றாலும் திரும்ப அதே முகவரிக்குத்தான் வரும். கரண்ட் மிச்சத்துக்காகக் கழற்றுவதில் பலன் இல்லை, பாதுகாப்புக்காகக் கழற்றுவதில் பலன் இருக்கிறது.

ஆனால் முதலில் பிரிண்டரின் பட்டனில் நிறுத்துங்கள், விசிறிச் சத்தம் அடங்கட்டும், பிறகு பிளக். பியூசர் சூடாக இருக்கும்போது விசிறியையும் சேர்த்து நிறுத்தக் கூடாது.

நிரோஷா (தெஹிவளை) – புதன், மாலை 6.30

இதைப் படித்துவிட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், வினாத்தாள் அடிக்க மைத் தொட்டி உள்ள கலர் பிரிண்டர். ஒவ்வொரு இரவும் சுவர் சுவிட்சில்தான் நிறுத்துவேன், கரண்ட் மிஞ்சும் என்று. காலையில் போட்டவுடன் கர கர என்று ஒன்றரை நிமிடம் ஏதோ செய்கிறது. மை வேகமாகக் குறைகிற மாதிரியும் தெரிகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

சேர்விஸ் ரவி – புதன், இரவு 9.00

இருக்கிறது அக்கா. உங்களுடையதில் சூடாக்கும் உருளை இல்லை, அதனால் மேலே போட்ட 40 வோட் கணக்கு உங்களுக்கு இல்லை. விழித்திருந்தாலும் சில வோட்தான். உங்களுக்குச் செலவு மையில்.

பட்டனில் நிறுத்தினால் பிரிண்டர் தலையை ஓரத்துக்குக் கொண்டுபோய் ரப்பர் மூடியில் வைத்து மூடிவிட்டுத்தான் ஓஃப் ஆகும். சுவரில் வெட்டினால், தலை அந்த நேரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கலாம். மூடாத தலையில் மை காயும். காலையில் வருகிற அந்தக் கர கர, தலையைக் கழுவும் வேலை. கழுவிய மை கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிறைந்தால் மெஷினே நின்றுவிடும், பிறகு என்னைப் போன்ற ஒருவரிடம்தான் கொண்டுவர வேண்டும்.

உங்களுக்கு ஓட்டோ பவர் ஓஃப் நல்லதுதான், ஏனென்றால் அது தலையை மூடிவிட்டுத்தான் நிறுத்தும். கையால் என்றால் பட்டனை அமத்துங்கள், லைட் முழுதாக அணையும்வரை பாருங்கள், பிறகு சுவர் சுவிட்ச்.

நிரோஷா – புதன், இரவு 9.12

இரண்டு வருடமாகச் சுவரில் வெட்டி வந்திருக்கிறேன். இன்றிலிருந்து பட்டன்தான். நன்றி தம்பி.

தர்ஷன் – இரண்டு கிழமைக்குப் பிறகு, வெள்ளி, மாலை 4.40

ரவி அண்ணாவிடம் மீட்டரைக் கடன் வாங்கி இரண்டு கிழமை போட்டு வைத்தேன். முதல் கிழமை ஸ்லீப் 10 நிமிடம், ஓட்டோ ஓஃப் இல்லை: ஆறு வேலை நாளும் ஞாயிறும் சேர்த்து 1.1 யூனிட். இரண்டாம் கிழமை பழையபடி பகல் முழுக்க விழிக்க விட்டு, இரவில் பட்டனில் நிறுத்தினோம்: 2.4 யூனிட். பக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். முதலாளியிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். பத்து நிமிடத்திலேயே விட்டிருக்கிறோம்.

ஐந்து கணினியிலும் Offline வரவில்லை, ஒரு நாளைத் தவிர. அதாவது முதல் கிழமை திங்கள் காலை ஐந்திலுமே ஒரு தரம் வந்தது. Test-NetConnection False. ping-உம் இல்லை. ஆனால் பிரிண்டரின் லைட் தூக்கத்தில் இருக்கிற மாதிரி மெதுவாக மினுங்கிக்கொண்டிருந்தது. பட்டனை ஒருதரம் தொட்டவுடன் வைஃபை பிடித்து எல்லாம் சரி. சனி, ஞாயிறு தூங்கிய பிறகுதான் இது. வார நாட்களில் ஒரு இரவு தூங்கி எழும்பினால் ஒன்றும் இல்லை.

பஸ்லி – வெள்ளி, மாலை 5.30

எங்கள் ரவுட்டரும் அப்படித்தான், அது தானாக வைஃபை சனலை மாற்றும். மாற்றினால் விழித்திருக்கிற சாமான்கள் எல்லாம் பின்னால் போகும், தூங்குகிறது தவறிவிடும். சனலை ஒன்றில் கட்டி வையுங்கள், 1 அல்லது 6 அல்லது 11. எனக்கு அதோடு நின்றது.

சேர்விஸ் ரவி – வெள்ளி, இரவு 7.20

பஸ்லி நானா சொன்னதும் இருக்கலாம். ரவுட்டர் 2.4 GHz வைஃபையையும் 5 GHz வைஃபையையும் ஒரே பெயரில் வைத்து ஆட்களை இங்கும் அங்கும் தள்ளுகிறதாகவும் இருக்கலாம், இந்தப் பிரிண்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பிரிண்டரின் மென்பொருளிலேயே பிழை இருக்கவும் கூடும். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வயர் போடுவேன். பிரிண்டருக்குப் பின்னால் கேபிள் சொக்கெட் இருக்கிறதா?

தர்ஷன் – வெள்ளி, இரவு 7.50

இருக்கிறது. ரவுட்டர் அறைக்கு அந்தப் பக்கம், எட்டு மீட்டர் வரும்.

மகேந்திரன் – வெள்ளி, இரவு 8.05

வயர் போட்டால் இடி மின்னல் நாளில் அந்த வயரையும் கழற்ற வேண்டும் தம்பி. பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அதை விட்டால் ரவுட்டர் வழியாக உள்ளே வரும்.

சேர்விஸ் ரவி – வெள்ளி, இரவு 8.20

ஐயா சொல்வது சரி. இன்னொன்று: சில பிரிண்டர்கள் தூங்கும்போது வயர் இணைப்பின் வேகத்தை 10 Mbps-க்கு இறக்கும். பழைய சுவிட்ச் பெட்டி எதுவும் நடுவில் இருந்தால் சில நேரம் அந்த மாற்றத்தில் இணைப்பு விழும். நேரே ரவுட்டருக்குப் பூட்டுங்கள். வயரின் மாக் வைஃபை மாக்கில் இருந்து வேறாக இருக்கும், ஒதுக்கிய முகவரியைப் புது மாக்குக்கு மாற்றி எழுத மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் திரும்ப அந்தக் கைப்பேசிக் கதைதான்.

தர்ஷன் – வெள்ளி, இரவு 8.35

நாளை அரை நாள் வேலை. முடிந்த பிறகு நானும் இன்னொருவரும் கேபிள் இழுக்கப் போகிறோம். ஆனால் இந்தக் கிழமை பஸ்லி நானா சொன்ன சனலை மட்டும் கட்டிவிட்டு வைஃபையிலேயே விட்டுப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது. கேபிளை இழுத்து, பூட்டாமல் வைக்கிறேன். திங்கள் காலை முதல் வேலையாக Test-NetConnection அடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.